பங்காளிகள் ஆறு பேர், படிவம் ஒன்று: போனிலேயே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, திருப்பி அனுப்புவது பற்றிய கேள்விகள்

பொது வீட்டில் ஓடு மாற்ற வேண்டுமென்றாலும், வீட்டை ஒரு கல்யாணத்துக்கு விட வேண்டுமென்றாலும் பங்காளிகள் எல்லோரும் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் காரைக்குடியில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில், இன்னொருவர் கோலாலம்பூரில். முன்பெல்லாம் தாளைத் தபாலில் சுற்றவிட்டார்கள். இப்போது அது பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பில் வருகிறது.

இங்கே ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஓடு மாற்றுவதற்கான மூன்று பக்க ஒப்புதல் படிவம். முதல் பக்கத்தில் வீட்டு முகவரியும் வேலை விவரமும், இரண்டாவதில் யாருக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கு, மூன்றாவதில் ஆறு பங்காளிகளுக்கு ஆறு கையெழுத்துக் கட்டங்கள். ஊரில் இருக்கும் ஒருவர் எல்லாவற்றையும் திரட்டி ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார்.

“எல்லாம் நிரப்பி, கையெழுத்தும் போட்டுத்தான் அனுப்பினேன். ஊரில் அண்ணன் திறந்து பார்த்தால் காலிப் படிவம்தான் இருக்கிறதாம். நான் எழுதியது எங்கே போச்சு?”

உங்கள் போனிலேயே இருக்கிறது, ஆனால் வேறொரு இடத்தில். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டதும், அது பிடிஎஃப் செயலிக்கு ஒரு நகலைத்தான் கொடுக்கிறது. நீங்கள் எழுதியது அந்த நகலில். உரையாடலில் தெரிகிற கோப்பு வந்தபடியே காலியாகக் கிடக்கிறது. முடித்துவிட்டு வாட்ஸ்அப்புக்குத் திரும்பி, அதே கோப்பை அழுத்திப் பிடித்து அண்ணனுக்கு முன்னனுப்பினால் போவது காலிப் படிவம்தான். இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுவே.

முதலில் கோப்பைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஐபோனில் பகிர்வுப் படத்தைத் தொட்டால் Save to Files வரும். ஆண்ட்ராய்டில் பிடிஎஃப் செயலியில் திறந்த பிறகு Save a copy என்பது போன்ற தேர்வு இருக்கும், அதில் Download கோப்புறையைக் காட்டுங்கள். சேமித்த கோப்பைத் திறந்து நிரப்புங்கள். அனுப்பும்போது, நிரப்பிய திரையிலேயே உள்ள பகிர்வுப் படத்தைத் தொட்டு வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள். அடோபி செயலியில் இணைப்பு அனுப்பவா, நகல் அனுப்பவா என்று கேட்டால் நகலைச் சொல்லுங்கள். இணைப்பு போனால் எதிரில் இருக்கும் பெரியவர் அதைத் திறக்கத் திணறுவார்.

அனுப்பிய பிறகு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. உரையாடலில் நீங்கள் அனுப்பிய கோப்பை நீங்களே தொட்டுத் திறந்து, மூன்றாம் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் கையெழுத்து தெரிந்தால் சரியான கோப்புதான் போயிருக்கிறது.

“எந்தச் செயலியில் செய்வது? காசு கட்ட வேண்டுமா?”

ஒரு கையெழுத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

ஐபோனில் எதையும் புதிதாகப் போட வேண்டாம். Files செயலியில் கோப்பைத் திறந்தால் பேனா முனை போன்ற ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டதும் எழுதும் கருவிகள் கீழே வரும். கூட்டல் குறியைத் தொட்டால் எழுத்துச் சேர்க்க ஒரு தேர்வும், Add Signature என்று கையெழுத்துக்கு ஒரு தேர்வும் இருக்கும். சில பதிப்புகளில் வெறும் Signature என்றே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அங்கே Done கொடுத்தால் மாற்றம் அதே கோப்பில் பதிந்துவிடும், காலிப் படிவம் மிஞ்சாது. ஆகவே தொடங்கும் முன் கோப்பை அழுத்திப் பிடித்து Duplicate கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் Adobe Acrobat Reader போதும். கோப்பைத் திறந்து, பென்சில் படத்தையோ கருவிப் பட்டியலையோ தொட்டால் Fill & Sign என்ற சொல் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், சொல் மாறாது. உள்ளே எழுத்துக்கு ஒரு குறி, டிக் அடிக்க ஒரு குறி, கையெழுத்துக்குப் பேனாக் குறி. சாம்சங்கில் பேனாவோடு வரும் போன் வைத்திருப்பவர்கள் Samsung Notes செயலிக்குள் கோப்பைக் கொண்டுவந்து, தாளில் எழுதுவது போலவே எழுதி, பிடிஎஃப்பாகவே வெளியே எடுக்கலாம்.

திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தின் மேல் கிறுக்கி அனுப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தின் ஓரம் வெட்டுப்படும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சின்ன எழுத்து கலங்கும். மூன்று பக்கத்தில் ஒரு பக்கம்தான் போய்ச் சேரும்.

“கட்டத்தைத் தொட்டால் சிலதில் கீபோர்டு வருகிறது, சிலதில் ஒன்றும் நடக்கவில்லை. போன் கோளாறா?”

போனில் கோளாறு இல்லை. படிவங்கள் இரண்டு வகை. ஒன்றில் கட்டங்களைத் தயாரித்தவரே நிரப்பும் கட்டமாக அமைத்திருப்பார். தொட்டதும் லேசாக நிறம் மாறி கீபோர்டு எழும். மற்றது, தாளில் அச்சடித்ததைப் போன்ற வெறும் கோடுகள். ஸ்கேன் செய்த படிவங்கள் எல்லாம் இந்த வகைதான். இதில் தொட்டுப் பயனில்லை, மேலே சொன்ன எழுத்துக் கருவியை எடுத்து, வேண்டிய இடத்தில் நீங்களே எழுத்தை உட்கார வைக்க வேண்டும். எழுத்து கோட்டுக்கு மேலே மிதந்தால் பக்கத்தை விரல்களால் பெரிதாக்கிவிட்டு இழுங்கள். சிறிய தோற்றத்தில் சரியாக இருப்பது போலத் தெரிவது அச்சில் கோட்டின் மேலேயே ஏறியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வகை அபூர்வமாக வரும். திறந்தால் படிவமே தெரியாமல் Please wait... என்று தொடங்கும் ஓர் ஆங்கில அறிவிப்பு மட்டும் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது மாறாது. கணினியில் உள்ள அடோபி ரீடருக்காகவே செய்யப்பட்ட பழைய அமைப்பு அது. போனை விட்டுவிட்டுக் கணினிக்குப் போவதே வழி.

“பெயரைத் தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் போகிறது. சில இடத்தில் சதுரம் சதுரமாக வருகிறது.”

நிரப்பும் கட்டத்துக்கு எந்த எழுத்துரு என்று படிவம் செய்தவர் முன்பே குறித்து வைத்திருப்பார். பெரும்பாலும் அது ஆங்கில எழுத்துரு. அதில் தமிழ் எழுத்தே இல்லையென்றால் சதுரம் வரும். எழுத்து இருந்தும், கொம்பையும் காலையும் சேர்த்து அடுக்கத் தெரியாத செயலியாக இருந்தால் ‘மெய்யப்பன்’ என்பதில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ‘சொக்கலிங்கம்’ இன்னும் நல்ல சோதனை. ஒகரம் என்பது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். அது சரியாக விழுந்தால் மற்றவையும் சரியாக விழும். முழுப் படிவத்தையும் அடிப்பதற்கு முன் இந்த ஒரு சொல்லை அடித்து, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். அடிக்கும்போது சரியாகத் தெரிந்து, சேமித்த பிறகு உடைவதும் உண்டு.

உடைந்தால் கட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். படிவம் அனுமதித்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்புங்கள். தமிழில்தான் வேண்டுமென்றால் ஐபோனின் எழுத்துச் சேர்க்கும் கருவியில் அதே சோதனையைச் செய்து பாருங்கள், அது போனின் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளும். ஸ்டைலஸ் கையில் இருந்தால் பேசாமல் கையாலேயே எழுதிவிடலாம். கையால் எழுதியதற்கு எழுத்துரு சிக்கல் கிடையாது.

“எங்கள் விலாசம் நீளம். கட்டத்தில் நாலு எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எதை விடுவது?”

நாமாக எதையும் விடக்கூடாது. ஊரில் விலாசம் என்றால் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை. வெளியூர் படிவத்தில் ‘விலாசம்’ என்று கேட்டால் அது முகவரி. இந்தக் குழப்பத்திலேயே சிலர் முகவரிக் கட்டத்தில் தலைப்பெழுத்துகளை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பெயர் கேட்கும் இடத்தில் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளிகளும் இடைவெளியும் மாறாமல் எழுதுங்கள். ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து என்று பிரித்த கட்டங்களில் புள்ளியும் ஒரு பெட்டியைத் தின்னும். இடம் போதவில்லை என்றால் கீபோர்டு அடுத்த எழுத்தை ஏற்காமல் நின்றுவிடும், பெயரின் கடைசி எழுத்து காணாமல் போனது கண்ணில் படாது. படிவம் நம் பங்காளிகளுக்குள்ளேயே தயாரித்தது என்றால், பெட்டிகளை எடுத்துவிட்டு ஒரு நீளக் கோடு போடச் சொல்லிக் கேட்பதே நல்லது. வங்கி, அரசுப் படிவமென்றால் புள்ளிகளை விடலாமா என்று அனுப்பியவரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.

“விரலால் போட்டால் என் கையெழுத்து என் கையெழுத்தாகவே இல்லை. கோழி கிண்டியது போல இருக்கிறது.”

கணக்குப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. போன் திரை ஏறக்குறைய 7 செ.மீ. முழுப் பக்கமும் தெரியும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. தாளில் 6 செ.மீ. நீளமும் ஒன்றரை செ.மீ. உயரமும் உள்ள கட்டம் திரையில் 2 செ.மீ.க்கு அரை செ.மீ. விரல் நுனியே அதைவிட உயரம். அந்தக் கட்டத்துக்குள் நேராக எழுதப் போனால் யார் எழுதினாலும் கிறுக்கல்தான்.

அதனால் பக்கத்தின் மேல் பேனாக் கருவியால் எழுதாமல், கையெழுத்துக் கருவியைத் திறங்கள். அது ஒரு காலித் திரை தரும். போனைப் படுக்கை வாட்டில் மேசை மேல் வையுங்கள், கையில் பிடித்துக்கொண்டு போட வேண்டாம். திரையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பெரிதாகப் போடுங்கள். மெதுவாக வரைந்தால்தான் கோடு நடுங்கும், வழக்கமான வேகத்தில் ஒரே வீச்சில் போட்டால் நடுக்கம் தெரியாது. செயலி அதை அப்படியே சுருக்கிக் கட்டத்துக்குள் வைக்கும், சுருங்கும்போது சின்னக் கோணல்கள் மறைந்துவிடும். பிறகு மூலையைப் பிடித்து இழுத்து அளவைச் சரிசெய்யலாம். கட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்கு இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். கோட்டுக்கு வெளியே வழிந்து பக்கத்துப் பங்காளியின் கட்டத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு நடுவில் நடுவில் அறுந்தால் திரையையும் விரலையும் துடையுங்கள். ஈர விரலும் எண்ணெய் விரலும் தொடுதிரைக்கு ஆகாது. தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தாலும் இப்படி நடக்கும்.

இதெல்லாம் செய்தும் வங்கியில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படமெடுங்கள். அடோபி செயலியின் கையெழுத்துத் திரையிலேயே கேமரா, படம் என்ற வழிகள் உண்டு. தாளின் வெள்ளையை நீக்கிவிட்டு மைக்கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். எங்களைக் கேட்டால், கையெழுத்து ஒத்துப் பார்க்கப்படும் எந்தப் படிவத்துக்கும் இதுவே சிறந்தது.

“இருநூறு ரூபாய் ஸ்டைலஸ் வாங்கினால் போதுமா, விலை கூடியதுதான் வேண்டுமா?”

ஒரு கையெழுத்துக்காக மட்டும் என்றால் எதுவும் வேண்டாம். மூன்று பக்கம் கையால் நிரப்ப வேண்டுமென்றால் யோசிக்கலாம்.

ரப்பர் முனை வைத்த மலிவான ஸ்டைலஸ் எந்தப் போனிலும் எழுதும். ஆனால் போனைப் பொறுத்தவரை அது இன்னொரு விரல்தான். முனை தடிமன், கோடு எங்கே விழுகிறது என்று தெரியாது. உள்ளங்கை திரையில் பட்டால் அதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். முனையில் ஒளி ஊடுருவும் வட்டத் தகடு உள்ள வகை இதைவிடப் பரவாயில்லை, தகட்டின் வழியே கோட்டைப் பார்க்கலாம்.

சாம்சங்கின் எஸ்-பென் போன்றவை வேறு ரகம். முனை மெல்லியது, அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும், கை திரையில் பட்டாலும் கவலையில்லை. ஆனால் அதை உணரும் அமைப்பு உள்ள மாடல்களில்தான் வேலை செய்யும். ஆப்பிள் பென்சில் ஐபேடுக்கு மட்டும்தான், ஐபோனில் எழுதாது. மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்புவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

“ஐயாவுக்குக் கை நடுங்குகிறது. அப்பத்தாவுக்குக் கைநாட்டுத்தான். அவர்கள் பங்குக்கு என்ன செய்வது?”

இவர்களுக்குப் போனில் போட வைக்காதீர்கள். ஐயா பேனாவைப் பிடித்துத் தாளில் போடுவதற்கும் வழுக்கும் கண்ணாடியில் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். நாளை யாராவது ‘இது அவர் கையெழுத்தே இல்லை’ என்றால் அந்த வித்தியாசமே வாதமாகிவிடும். கைநாட்டுக்கு ரேகை தெரிய வேண்டும், விரலைத் திரையில் வைத்தால் ஒரு புள்ளிதான் விழும்.

மூன்றாம் பக்கத்தை மட்டும் ஒரு கடையில் அச்செடுத்து, மை தொட்டுக் கைநாட்டு வாங்குங்கள். மை அதிகமானால் ரேகை அடைத்துக்கொள்ளும், முதலில் பழைய தாளில் ஒரு முறை ஒற்றிவிட்டுப் பிறகு வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் யார் கைநாட்டு, எந்த விரல் என்று எழுதி, பார்த்தவர் ஒருவர் பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். அதன் பிறகு அந்தத் தாளைப் போனில் ஸ்கேன் செய்யலாம். ஐபோனின் Notes செயலியிலும், ஆண்ட்ராய்டின் Google Drive செயலியிலும் ஸ்கேன் வசதி இருக்கிறது. இரண்டும் ஓரத்தை நேராக்கிப் பிடிஎஃப்பாகவே தரும். அசல் தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அவர்கள் கையெழுத்தைப் பேரன் போட்டுவிடுவது உதவி என்று தோன்றலாம். ஒருவர் கையெழுத்தை அடுத்தவர் போடுவது, திரையில் போட்டாலும் தாளில் போட்டாலும் அதே குற்றம்தான்.

“என் போனில் கையெழுத்துத் தெரிகிறது. எதிரில் திறந்தவருக்குக் கட்டம் காலி. ஆனால் சரியான கோப்பைத்தான் அனுப்பினேன்.”

சேமித்த இடம் இங்கே சிக்கல் இல்லை. நீங்கள் போட்ட கையெழுத்து பக்கத்தோடு ஒட்டவில்லை. பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து அதில் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சில செயலிகள் அந்தக் கண்ணாடித் தாளையும் சேர்த்துக் காட்டும், சில அடியில் உள்ள பக்கத்தை மட்டும் காட்டும். எதிரில் இருப்பவர் அந்தக் கையெழுத்தை நகர்த்தவோ அழிக்கவோகூட முடியும்.

இரண்டையும் ஒன்றாக்க, போனிலேயே அச்சடிப்பது போலச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செயலியின் Print தேர்வுக்குப் போய், அச்சு இயந்திரம் கேட்கும் இடத்தில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். ஐபோனில் Print போய், முன்தோற்றத்தில் உள்ள பக்கத்தை இரண்டு விரலால் விரித்தால் அது தனிக் கோப்பாகத் திறக்கும், அதைப் பகிரலாம். புதுக் கோப்பில் கையெழுத்தைத் தொட்டுப் பாருங்கள். நகர்த்தும் பிடிகள் எதுவும் வரவில்லை என்றால் ஒட்டிவிட்டது.

ஒட்டிய பிறகு நிரப்பும் கட்டங்களும் செத்துவிடும், தட்டச்சில் தவறு இருந்தால் திருத்த முடியாது. ஆகவே ஒட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும், ஒட்டுவதற்கு முந்தைய பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஏற்கெனவே சான்றிதழோடு கூடிய டிஜிட்டல் ஒப்பம் பதிந்த கோப்பை இப்படிச் செய்யாதீர்கள், அந்த ஒப்பம் வெறும் படமாகிவிடும்.

“ஆறு பேரும் ஒரே கோப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போடுவதா, ஆளுக்கொரு பிரதியா?”

ஆளுக்கொரு பிரதி. தொடர் ஓட்டமாக அனுப்பினால் முதலாமவர் போட்டு இரண்டாமவருக்கு, அவர் போட்டு மூன்றாமவருக்கு என்று போகும். நான்காமவர் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அதுவரை சேர்ந்தது எல்லாம் கலங்கிப் போகும். மூன்றாமவர் பழைய கோப்பைத் தவறாக எடுத்தால் முதல் இரண்டு கையெழுத்தும் காணாமல் போகும். ஒருவர் ஊரில் இல்லையென்றால் மீதிப் பேர் காத்திருக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர் முதல் இரண்டு பக்கங்களையும் தாமே முழுக்க நிரப்புவார். முகவரி, வேலை, செலவுப் பங்கு எல்லாம் முடிந்ததும், மேலே சொன்னபடி அச்சு வழியாக ஒட்டிவிடுவார். இனி யாரும் தொகையை எளிதில் மாற்ற முடியாத ஒரே கோப்பு ஆறு பேருக்கும் போகிறது. ஒவ்வொருவரும் மூன்றாம் பக்கத்தில் தம் கட்டத்தில் மட்டும் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒட்டி, முழுக் கோப்பையும் ஊருக்குத் திருப்புகிறார்கள். பெயர் வைப்பது இப்படி:

```
oppudhal_00_kaali.pdf
oppudhal_01_karaikudi.pdf
oppudhal_02_kovai.pdf
oppudhal_03_kl.pdf
```

final, final2, newfinal என்று பெயர் வைத்தால் ஒரு வாரத்தில் வைத்தவருக்கே புரியாது.

மூன்றாம் பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று அனுப்புவதற்கு முன் பாருங்கள். ஆறு கட்டங்கள் மட்டும் இருந்து வேறெதுவும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் கழற்றி எந்தப் படிவத்தின் பின்னாலும் சொருகலாம். அதன் தலையில் படிவத்தின் பெயர், வீட்டின் முகவரி, தேதி, மொத்தத் தொகை, ‘பக்கம் 3 / 3’ எல்லாம் இருக்க வேண்டும். ‘பங்காளிகள் தனித்தனிப் பிரதிகளில் கையெழுத்திடலாம், எல்லாம் சேர்ந்து ஒரே ஒப்புதலாகும்’ என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

ஆறு கோப்பும் வந்ததும், அவற்றை அப்படியே ஆறு கோப்புகளாக ஏற்பாரா என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பார்கள். ஒன்றாகத்தான் வேண்டுமென்றால் ஐபோனின் Files செயலியில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து Create PDF கொடுக்கலாம். சேர்த்துத் தரும் இலவச இணையதளங்களில் ஏற்றினால் ஆறு பேர் கையெழுத்தும் யாரோ ஒருவரின் கணினிக்குப் போகிறது.

“தேதிக் கட்டத்தில் போனே 05/08 என்று போட்டுவிட்டது. ஆகஸ்ட் ஐந்தா, மே எட்டா?”

அது போனின் மொழி அமைப்பைப் பொறுத்தது. அமெரிக்க ஆங்கிலம் வைத்திருந்தால் மாதம் முன்னால் வரும். தானாக விழும் தேதியை அழித்துவிட்டு 5 ஆகஸ்ட் என்று மாதத்தை எழுத்தில் போட்டு, ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். சந்தேகமே வராது.

“விரலால் போட்ட கையெழுத்து சட்டப்படி செல்லுமா?”

எதற்கு என்பதைப் பொறுத்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ‘டிஜிட்டல் ஒப்பம்’ என்று சொல்வது உரிமம் பெற்ற நிறுவனம் தரும் சான்றிதழோடு கூடிய ஒன்று. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். விரலால் போட்டது அந்த வகையில் சேராது, அது கையெழுத்தின் படம்தான். ஆனாலும் ஒருவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது ஓர் அடையாளம். அதை அவருடைய எண்ணிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ, ‘ஓடு மாற்றும் வேலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்’ என்ற ஒரு வரியோடு அனுப்பினால் இன்னும் வலுவாகும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

ஓடு மாற்றும் ஒப்புதல் போன்ற வீட்டுக்குள் முடியும் விஷயத்துக்கு இது போதும். உயிலுக்கும் டிரஸ்ட் பத்திரத்துக்கும் ஆகாது, அந்தச் சட்டமே அவற்றைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பவர் பத்திரமும் பொதுவாக அப்படித்தான். பங்கை விற்பது, பாகம் பிரிப்பது, விட்டுக்கொடுப்பது போன்றவை பதிவு அலுவலகத்து வேலை. கோலாலம்பூர்ப் பங்காளி வர முடியாவிட்டால் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் தாளில் சான்று வாங்கிய பவர் ஒரு வழி. ‘போனில் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பாகப்பிரிவினைக்கு யாராவது கேட்டால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

“கையெழுத்தை போனில் சேமித்து வைத்தால் யாராவது எடுத்துப் பயன்படுத்த மாட்டார்களா?”

உங்கள் சொந்தப் போனில், திரைப்பூட்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் போனிலோ கடைக் கணினியிலோ போட்டிருந்தால் வேலை முடிந்ததும் கையெழுத்துப் பட்டியலைத் திறந்து, பக்கத்தில் உள்ள கழித்தல் குறியைத் தொட்டு நீக்குங்கள். அடோபி செயலியில் கணக்கோடு உள்ளே நுழைந்திருந்தால் அது மேகச் சேமிப்பிலும் இருக்கலாம், வெளியேறாமல் போனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இதைவிட ஆபத்து, வெறும் கையெழுத்தை மட்டும் படமாக எடுத்து, ‘நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்’ என்று குடும்பக் குழுவில் போடுவது. வெள்ளைப் பின்னணியில் சுத்தமாக நிற்கும் கையெழுத்தை எந்தத் தாளிலும் ஒட்டலாம். படிவத்தோடு சேர்ந்த கையெழுத்தை மட்டுமே வெளியே விடுங்கள், அதையும் குழுவில் போடாமல் திரட்டுபவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

“படிவத்தோடு ஆதார் நகலும் கேட்கிறார்கள். இறக்கிய பிடிஎஃப்பைத் திறக்க கடவுச்சொல் கேட்கிறது, பெயர் போட்டாலும் ஏற்கவில்லை.”

பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து பிறந்த ஆண்டு. நம் பக்கத்தில் தடுக்குவது தலைப்பெழுத்தில்தான். ஆதாரில் பெயர் தலைப்பெழுத்தோடு தொடங்கினால் அந்த எழுத்தும் புள்ளியும் நான்கில் சேரும், இடைவெளி சேராது. P. KUMAR, 1990 என்றால்:

```
P.KU1990
```

முழு எண் தேவையில்லாத இடத்துக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி அனுப்புங்கள். பூட்டிய கோப்பாகவே அனுப்பினால் கடவுச்சொல்லை அதே செய்தியில் எழுதாமல், கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.